ஈயம் வைப்பதா, ஸ்பாட் வெல்டா: ஒரே காருக்குக் கட்டிய இரண்டு பேக்

அக்கா மகனுடைய ஆர்சி காருக்கு இதுவரை இரண்டு பேட்டரி பேக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் அதே 18650 லித்தியம் அயான் செல்தான், ஒவ்வொன்றும் 2500 மில்லி ஆம்பியர் அவர், 20 ஆம்பியர் வரை தாங்கும் வகை. இரண்டு செல்லைப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு ஜோடி, அப்படி மூன்று ஜோடியை வரிசையில் கோத்தால் 3எஸ் 2பி, அதாவது மொத்தம் ஆறு செல். முதல் பேக்கில் செல் மேலேயே நேராக ஈயம் வைத்துச் செம்புக் கம்பியால் இணைத்தேன். இரண்டாவதை நிக்கல் பட்டை போட்டு ஸ்பாட் வெல்டு செய்தேன், அதாவது கண நேரம் பெரிய கரண்டை அடித்துப் பட்டையைச் செல்லோடு புள்ளி புள்ளியாக உருக்கிச் சேர்த்தேன். இரண்டுமே என் காலை வாரின, ஆனால் வேறு வேறு விதமாக. “எது நல்லது, சால்டரிங்கா வெல்டிங்கா” என்று யார் கேட்டாலும் நான் இந்த இரண்டு பேக்கின் கதையைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தவறு என்பது எனக்கு இவற்றில்தான் புரிந்தது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நான் பேசுவது பொம்மைக் கார், படகு, டார்ச் மாதிரியான சமாச்சாரம். மின் ஸ்கூட்டருக்கும் மின் சைக்கிளுக்கும் வீட்டில் பேக் கட்டுகிற வேலையை இங்கே எடுக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் 2020 ஜூலை 1 முதல் யூஎல் 2272 என்ற தீப் பாதுகாப்புச் சான்று இல்லாத மின் ஸ்கூட்டரைச் சைக்கிள் பாதையில் ஓட்டவே முடியாது, அது போக அந்த அளவுப் பேட்டரி வீவக வீட்டு ஹாலில் பற்றிக்கொண்டால் வெளியே ஓடுவதற்கு இருக்கும் வழி பெரும்பாலும் அதே ஹால் வழியாகத்தான்.

சரி, இரண்டாவது பேக்கிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் அளந்து பார்க்க விஷயம் அதிகம்.

வெல்டு செய்த பேக்கை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் காரில் போட்டால், பையன் சொன்னது: “மாமா, பழசைவிட இது சீக்கிரம் நின்னுடுது.” நான் நம்பவில்லை. செல் அதே வகை, புதுசு வேறு. காரின் ஸ்பீட் கண்ட்ரோலர் செல்லுக்கு 3.2 வோல்ட், அதாவது பேக்குக்கு 9.6 வோல்ட் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும்படி வைத்திருந்தேன். அதே அளவுக்கு வீட்டில் சோதிக்கலாம் என்று, கார் முன்விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு ஐந்தைப் பக்கவாட்டில் இணைத்து ஓட்டுத் தரையில் பரப்பி வைத்தேன். பேக்கின் வோல்டேஜில் ஐந்தும் சேர்ந்து கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுத்தன, கிளாம்ப் மீட்டரில் பார்த்துக்கொண்டேன். பல்பு தொட்டால் சுட்டுவிடும், பக்கத்தில் துணி, பேப்பர் எதுவும் வைக்கக் கூடாது. 9.6 வோல்ட் வந்ததும் கழற்றி, மறுபடி சார்ஜரில் போட்டால் உள்ளே போனது 3720 மில்லி ஆம்பியர் அவர். இந்தச் செல்லுக்கு இந்த வேகத்தில் 4200ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

செல்தான் கெட்டது என்று முதலில் கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். ஆனால் பல்பு எரிந்துகொண்டிருந்தபோது இன்னொன்றும் கவனித்தேன்: மூன்றாவது ஜோடியின் பிளஸ் பக்கப் பட்டை கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. மல்டிமீட்டரோடு வரும் வெப்பமானிக் கம்பியை அங்கே ஒட்டினால் 71 டிகிரி. முதல் ஜோடியில் 46தான். அப்போதும் நான் முட்டாள்தனமாக மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பட்டைக்கும் பட்டைக்கும் இடையே தொட்டுப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே எண் வருகிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எங்கள் பிளாக்கில் இருக்கும் அண்ணனிடம் போய் நின்றேன். ஷிப்யார்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஓம்ஸ்ல வெச்சா பாத்த?” என்றார்.

“ஆமாண்ணே, எல்லாம் ஒண்ணாத்தான் காட்டுது.”

“உன் மீட்டர் வயரே பாயிண்ட் ரெண்டு ஓம் வரும் தம்பி. நீ தேடுறது அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். கரண்டை ஓடவிட்டு மில்லிவோல்ட்ல பாரு.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. இந்தக் கட்டுரையில் உருப்படியான ஒரே கருவி அதுதான், அதனால் எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன். பேக்கில் தெரிந்த அளவு கரண்ட் ஓடும்போது, மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் உலோகத்திலேயே நேராக வைக்க வேண்டும், பட்டை மேல் அல்ல. இன்னொரு முனையை வெல்டை ஒட்டிப் பட்டை மேல் வைக்க வேண்டும். வரும் மில்லிவோல்ட்டை அந்த இணைப்பில் ஓடும் ஆம்பியரால் வகுத்தால் மில்லி ஓம் கிடைத்துவிடும். மீட்டர் வயரின் மின்தடை இதில் குறுக்கே வராது, ஏனென்றால் அதன் வழியாகக் கரண்ட் ஓடுவதே இல்லை. கை நழுவி முனை பிளஸ்ஸையும் செல்லின் உடலையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் பொறி பறக்கும், அதனால் முனைகளின் நுனி மட்டும் தெரியும்படி மீதிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டு இணைப்பு. செல் ஒன்றுக்கு 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பத்து இணைப்பில் 2 மில்லிவோல்ட்டைச் சுற்றித்தான் வந்தது, அதாவது 0.2 மில்லி ஓம். நல்ல வெல்டு. கடைசி இரண்டில்தான் கூத்து: ஒன்றில் 133 மில்லிவோல்ட், இன்னொன்றில் 267.

ஏன் அந்த இரண்டு மட்டும் என்று யோசித்தபோது விடை உடனே வந்தது, அவைதான் நான் கடைசியாக வெல்டு செய்தவை. என்னிடம் இருப்பது கையில் பிடிக்கும் சின்ன வெல்டர், உள்ளே அதற்கென்று ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரி இறங்க இறங்க அடிக்கும் அடியும் பலவீனமாகும், ஆனால் சத்தமும் பொறியும் முன்பு போலவேதான் இருக்கும். மேலே பார்த்தால் வெல்டு மாதிரி இரண்டு புள்ளி பதிந்திருக்கும், உள்ளே உலோகம் உருகிச் சேர்ந்திருக்காது, வெறுமே அழுத்திக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது: பட்டை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. நல்ல வெல்டைப் பிய்த்தால் அந்தப் புள்ளிகளில் பட்டை கிழிந்து, நிக்கல் துண்டு செல் மேலேயே தங்கி, பட்டையில் ஓட்டை விழ வேண்டும். இதை ஒரு பழைய செத்த செல்லில் வேலைக்கு நடுவில் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் ஒரு தடவை செய்து திருப்தியாகிவிட்டேன்.

இப்போது அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கலாம், ஏனென்றால் “சூடாகும்” என்று எல்லோரும் சொல்வதைவிட விஷயம் கொஞ்சம் மோசம். இந்தச் செல்லின் உள் மின்தடை சுமார் 20 மில்லி ஓம். ஒரு செல்லுக்கு முன்னால் 10 மில்லி ஓம் கெட்ட வெல்டு, பக்கத்துச் செல்லுக்கு முன்னால் 40. ஆக ஒரு பாதை 30, இன்னொன்று 60. ஜோடிக்கு வேண்டிய 20 ஆம்பியர் சமமாகப் பிரியாது, கிட்டத்தட்ட 13.3 ஒரு செல்லிலும் 6.7 மற்றதிலும் ஓடும். கணக்கு சரிதானா என்று பார்க்க: 13.3 ஆம்பியரை 10 மில்லி ஓமால் பெருக்கினால் 133 மில்லிவோல்ட், 6.7ஐ 40ஆல் பெருக்கினால் 268. மீட்டர் காட்டியதும் அதுதான்.

ஒரு செல் இரண்டு மடங்கு சுமை தூக்குகிறது, மற்றது ஒதுங்கி நிற்கிறது. முடியும் தறுவாயில், உழைத்த செல் இறங்கிப்போன பிறகு, ஒதுங்கியிருந்தது கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் அதுவும் அந்த 40 மில்லி ஓம் வழியாகத்தான் தர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே செல்தான் அதிகம் உழைக்கும், அதனால் அதுதான் முதலில் கிழடு தட்டும். பிறகு ஒரு நாள் “இந்த ஜோடி ஏன் எப்போதும் பின்தங்குகிறது” என்று பேலன்ஸ் சார்ஜரைப் பார்த்துத் தலையைச் சொறிவோம்.

சூடு எவ்வளவு? இரண்டு வெல்டும் தலா 1.8 வாட்டுக்குப் பக்கத்தில். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது கடுகளவு புள்ளி இரண்டில் பிறக்கும் 1.8 வாட், போக வேறு வழியின்றிப் பட்டைக்கும் செல்லின் பிளஸ் மூடிக்கும் போகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கேரேஜில் நின்று எடுக்கும் வீடியோவில் “தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது” என்று முடித்துவிடுவார்கள். நமக்கு மல்டி ஸ்டோரி கார்பார்க் மேல்தளத்தில் மத்தியானம் ஓட்டினால் தொடக்கமே முப்பத்து மூன்று முப்பத்து நான்கு டிகிரி, காங்கிரீட் சூடு தனி. பெரும்பாலான செல்லுக்கு ஓடும்போது 60 டிகிரிதான் எல்லை என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கும்.

வெல்டு மட்டும் குற்றவாளி இல்லை. பட்டையிலும் ஏமாந்திருந்தேன். ஆன்லைனில் “நிக்கல் ஸ்ட்ரிப்” என்று வாங்கியது, 0.15 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் அகலம். கெட்ட வெல்டைக் கண்டுபிடித்த அதே இரவு பட்டைகளின் மேலும் அளந்தேன். ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையே 20 மில்லிமீட்டர் தூரத்துக்கு 50 மில்லிவோல்ட் விழுந்தது. 20 ஆம்பியருக்கு 50 என்றால் 2.5 மில்லி ஓம். சுத்த நிக்கலாக இருந்தால் அந்த அளவுப் பட்டை 1.2 மில்லி ஓமைத் தாண்டாது. ஆக இது நிக்கல் முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சுத்த நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். துண்டு வெட்டி, மேலே அரத்தால் நன்றாகத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் தேய்த்த இடம் செந்நிறமானால் இரும்பு. என் துண்டு காலைக் காப்பி குடிப்பதற்குள் துருப்பிடித்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முலாம் பூசிய இரும்பு, மின்தடை அதிகம் என்பதாலேயே, சின்ன வெல்டரில் சுலபமாக வெல்டாகும். சுத்த நிக்கல் அடம் பிடிக்கும். புதிதாகச் செய்பவர் இரண்டையும் முயன்று பார்த்து இரும்பைத்தான் “நல்ல பட்டை” என்பார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொரு தவறு அமைப்பில். ஒவ்வொரு ஜோடியையும் குறுக்கே ஒரு பட்டையால் சேர்த்துவிட்டு, அடுத்த ஜோடிக்கு ஒரே ஒரு பட்டைதான் இழுத்திருந்தேன், அதனால் மொத்த 20 ஆம்பியரும் அந்த ஒற்றைப் பட்டை வழியே போனது. செல்லுக்குச் செல் தனிப் பட்டை போட்டு ஏணி மாதிரி அமைத்தால் ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர்தான். கரண்ட் பாதியானால் ஒரு பட்டையில் சூடு பாதியாகாது, கால் பங்காகும், சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்றபடி வளர்வதால். ஒரு ஐம்பது காசுப் பட்டைக்குக் கஞ்சத்தனம் பண்ணியதன் பலன்.

எல்லாவற்றையும் கூட்டினேன். ஜோடிகளுக்கு இடையே இரண்டு பட்டை, 100 மில்லிவோல்ட். கனெக்டர் வயருக்குப் போகும் இரு கோடிப் பட்டைகள், கொஞ்சம் நீளம் என்பதால் தலா 75. கெட்ட வெல்டுகள் இரண்டும் சேர்ந்து அந்த ஜோடியிலிருந்து கிடைப்பதை 200 மில்லிவோல்ட் குறைத்தன. மொத்தம் 0.45 வோல்ட். 20 ஆம்பியரில் அது 8லிருந்து 9 வாட், பல்புகள் எடுத்த இருநூற்றுச் சொச்சம் வாட்டில் நான்கு சதவீதம்.

நான்கு சதவீதம்தானே வீணாகிறது, பிறகு எப்படிப் பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் கெப்பாசிட்டி காணாமல் போனது? இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். சார்ஜ் எங்கும் போகவில்லை, செல்லுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஸ்பீட் கண்ட்ரோலர் பார்ப்பது வயர் நுனியில் உள்ள வோல்டேஜை, செல்லின் வோல்டேஜை அல்ல. அது 9.6 என்று பார்த்த நேரத்தில் செல்கள் உண்மையில் 10.05ல் இருந்தன, செல்லுக்கு 3.35. செல்லின் இறக்கம் நேர்கோடு கிடையாது, 3.35க்கும் 3.2க்கும் நடுவே இன்னும் நிறைய கிடக்கும். இணைப்புகள் தின்றது கொஞ்சம், ஆனால் அவை காட்டிய பொய்யால் கண்ட்ரோலர் கடையை முன்கூட்டியே சாத்திவிட்டது. மெதுவாக ஓட்டினால் இந்த நஷ்டம் மறைந்துவிடும் என்பதும் இதனால்தான்: 2 ஆம்பியரில் அதே பேக்கை இறக்கினால் இணைப்புகளில் விழுவது 45 மில்லிவோல்ட், யாருக்கும் தெரியாது. சின்னச் சார்ஜரில் கெப்பாசிட்டி சோதனை ஓட்டி “பேக் நன்றாகத்தான் இருக்கிறது” என்று வருவது இப்படித்தான். நீங்கள் ஓட்டும் கரண்டில் சோதித்தால்தான் உண்மை வரும்.

இனி முதல் பேக், ஈயம் வைத்தது. மில்லிவோல்ட் வித்தை தெரிந்த பிறகு அதையும் எடுத்து அதே பல்புகளில் மாட்டி அளந்தேன். ஒரு இணைப்பில்கூட 1 மில்லிவோல்ட் தாண்டவில்லை. ஜோடிக்கு ஜோடி போட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லிவோல்ட் போல. என் நல்ல வெல்டுகளைவிடவே மேல். “சால்டர் ஜாயிண்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால்தான் வெல்டு செய்கிறார்கள்” என்று கேட்டிருப்பீர்கள், நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், தவறு. சால்டர் ஈயம் செம்பைவிட எட்டு ஒன்பது மடங்கு மோசமான கடத்திதான், ஆனால் கரண்ட் அதன் குறுக்கே அரை மில்லிமீட்டர்கூடப் போவதில்லை, பரப்போ வெல்டுப் புள்ளியைப் போல இருபது மடங்கு. சரியாகப் பிடித்த ஈயத்தின் மின்தடையைச் சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாது. சரியாகப் பிடிக்காதது வேறு கதை: ஈயம் சேம்பிலையில் தண்ணீர் நிற்பது போல உருண்டு, மங்கலாக, ஓரம் தூக்கி நின்றால் அது வெறுமே உட்கார்ந்திருக்கிறது, ஒட்டவில்லை.

அப்படியானால் ஈயத்துக்கே போகலாமே? போகலாம், செல் லித்தியம் அயானாக இல்லாவிட்டால்.

சால்டரிங் அயர்ன் நுனி 350லிருந்து 400 டிகிரி. செல்லின் மைனஸ் பக்கம் என்பது அதன் உடலான எஃகுக் குவளையின் அடிப்பாகம், அதன் மறுபுறம் ஒட்டினாற்போலவே உள்ளே சுருட்டி வைத்த தகடுகளின் சுருள் இருக்கிறது. சுருளின் தகடுகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய பாலிதீன் படலம் 130 டிகிரியைச் சுற்றி உருக ஆரம்பிக்கும். அதற்கு முன்பே, நூறு டிகிரி பக்கத்தில், ஆனோடின் மேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படிவு சிதையத் தொடங்கிவிடும். பிளஸ் பக்கம் இன்னும் நுட்பம்: மூடிக்கு அடியில் வாயு அழுத்தம் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும், சுற்றிலும் பிளாஸ்டிக் வளையமும் இருக்கும். வளையம் இளகினால் செல் காற்று புகாமல் மூடியிருப்பது நின்றுபோகும். ஸ்பாட் வெல்டு சில மில்லி விநாடியில் முடிந்து, அடுத்த நொடி அதே இடத்தில் விரல் வைக்கலாம். செல் தயாரிப்பாளர்கள் செல் மேல் நேராகச் சால்டர் செய்யாதே என்று எழுதுவது இதனால்தான், மின்தடைக்காக அல்ல.

நான் அந்தப் பேக்கைச் செய்தபோது 40 வாட் அயர்ன், பென்சில் நுனி. அதுவே முதல் குற்றம். சூடு பத்தாத அயர்ன் பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும், நடப்பது தலைகீழ்: குவளை சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும், ஈயம் இளகாது, நாம் ஐந்து விநாடி, பத்து விநாடி என்று அழுத்திக்கொண்டே இருப்போம், அதற்குள் செல் முழுவதும் காய்ந்துவிடும். போதாததற்கு காரீயம் கலக்காத சால்டர் வேறு, அது உருக 217 டிகிரி வேண்டும். பழைய 63/37 வெள்ளீய-காரீயக் கலவை 183லேயே உருகும். இரண்டு இணைப்பு சரியாக வரவில்லை என்று மறுபடி சூடாக்கினேன், அவை இரண்டும் நடு ஜோடியில்.

பேக் அன்று அருமையாக வேலை செய்தது. இரண்டு மாதம்கூட ஓடியது. பிறகு பள்ளித் தேர்வு வந்து மூன்று வாரம் அலமாரியில் கிடந்த பின் பார்த்தால் முதல் ஜோடி 4.12, மூன்றாவது 4.12, நடு ஜோடி 3.71. மறுபடி சமமாக ஏற்றி வைத்தேன், மறுபடி மூன்று வாரத்தில் அதே ஜோடி மட்டும் இறங்கியது. உள்ளுக்குள் தானாகவே கசிகிறது. என் அயர்ன்தான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது, ஆறு செல்லில் எது எத்தனை விநாடி வெந்தது என்று அன்று குறிக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை சூடு வாங்கிய அந்த ஜோடியே படுத்திருப்பதைத் தற்செயல் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது இந்த வித்தியாசம்தான். வெல்டில் நான் செய்த தப்பு செல்லுக்கு வெளியே இருந்தது. ஒரு மல்டிமீட்டரால் அதே இரவு கண்டுபிடித்து, மறுநாள் பிய்த்து, சரிசெய்தேன். ஈயத்தில் செய்த தப்பு செல்லுக்கு உள்ளே, எந்த மில்லிவோல்ட் அளவிலும் சிக்காது, வாரங்கள் கழித்து ஓய்வு வோல்டேஜில்தான் தலைகாட்டும், தெரிந்தாலும் செய்ய ஒன்றுமில்லை.

அதனால் லித்தியம் அயான் செல் என்றால் என் ஓட்டு வெல்டுக்கு, ஆனால் சில நிபந்தனையோடு. பட்டை சோதித்த சுத்த நிக்கலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் பட்டையில் ஒரு பிளவு வெட்டிக்கொண்டு, வெல்டரின் ஒரு முனையைப் பிளவின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைப்பேன். இல்லையென்றால் வெல்டுக் கரண்ட் பட்டையின் மேலேயே குறுக்கே ஓடிவிடும், பிளவு இருந்தால் செல்லின் உலோகத்துக்குள் இறங்கி ஏறியே ஆக வேண்டும். கைவெல்டர் என்றால் நான்கு ஐந்து இணைப்புக்கு ஒரு தடவை நிறுத்தி சார்ஜ் போட்டு, பழைய செல்லில் ஒன்று அடித்துப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தொடர்வேன். அதற்காகச் சக்தியை ஒரேயடியாக ஏற்றவும் கூடாது, குவளையில் ஓட்டை விழுந்தால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசம் வரும், அந்தச் செல் அத்தோடு முடிந்தது, உடனே வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். பிளஸ் முனையில் பட்டை போவதற்கு முன் ஒட்டும் காகித வளையம் கட்டாயம். அங்கே பட்டைக்கும் மைனஸ் குவளையின் விளிம்புக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும்தான்.

ஒரே ஒரு பேக்குக்காக வெல்டர் வாங்க மனமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பலருக்கும் சரியான வழி: தொழிற்சாலையிலேயே பட்டைக் காது வெல்டு செய்து வரும் செல்லை வாங்கி, அந்தக் காதில் ஈயம் வைப்பது. காதைச் செல்லிலிருந்து நிமிர்த்தி, நுனியில் மட்டும் சூடு காட்டி, இடையே ஒரு ஈரத் துணியால் பிடித்துக்கொண்டால் செல்லுக்குப் போகும் சூடு சொற்பம். விலை கொஞ்சம் கூடும், எந்தப் பட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை, சில காது இரும்பாகவே வரும். டார்ச்சுக்கும் ஸ்பீக்கருக்கும் அது போதும், 20 ஆம்பியர் காருக்குக் காதை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள்.

பழைய சப்-சி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் என்றால் தயங்காமல் ஈயம். ஆர்சி பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செம்புப் பட்டையை நேராகச் செல் மேலேயே சால்டர் செய்தார்கள், அந்தச் செல்லுக்குள் இருப்பது தண்ணீர் கலந்த கரைசல், பெரிய உலோக முனை. அதற்கும் 80 வாட்டுக்கு மேல் அயர்ன், உளி மாதிரி அகல நுனி, முன்கூட்டியே இரண்டு பக்கமும் ஈயம் பூசி, இரண்டு மூன்று விநாடியில் எடுத்துவிட வேண்டும். அமில ஃபிளக்ஸ் மட்டும் வேண்டாம், நம் ஊர் ஈரக் காற்றில் அது ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

வெல்டும் ஈயமும் சேர்ந்தே வரும் ஒரு இடம் உண்டு. கனெக்டருக்குப் போகும் தடித்த வயரை நிக்கல் பட்டையில் எப்படியும் ஈயம்தான் வைக்க வேண்டும். அதைப் பட்டை செல்லில் ஏறுவதற்கு முன்பே மேசையில் செய்துவிட்டு, ஆறிய பின் பட்டையை வெல்டு செய்தால் செல்லுக்குச் சூடே தெரியாது. நான் முதலில் வெல்டு செய்துவிட்டுப் பிறகு அங்கே 12 கேஜ் வயரோடு மல்லுக்கட்டினேன்.

இரண்டாவது பேக்கை மறுபடி கட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பட்டைகளை மூக்குக் குறடால் சுருட்டிச் சுருட்டிப் பிய்த்தேன், ஒரு செல்லில் வேலை செய்யும்போது மற்றதெல்லாம் டேப்பால் மூடியபடி. மேலே நின்ற கூரான துணுக்குகளை லேசாக அரம் போட்டு, புது வெல்டை அவற்றின் மேல் போடாமல் பக்கத்துப் புது இடத்தில் போட்டேன். சிம் லிம் டவரில் ஒரு கடையில் கையோடு அரமும் உப்பும் பற்றிப் பேசி, சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்த சுத்த நிக்கல், அதே 0.15க்கு 8. ஏணி அமைப்பு. கோடி வயர்கள் முன்பே ஈயம் வைத்தவை. அதே ஐந்து பல்பு, அதே 20 ஆம்பியர். ஜோடிகளுக்கு நடுவே 12 மில்லிவோல்ட், வெல்டுகள் எல்லாம் 2க்கும் 3க்கும் இடையே, மொத்தமாகக் கூட்டினால் 50ஐத் தொடவில்லை. மூன்றாவது ஜோடியின் பிளஸ் பக்கம் 47 டிகிரி. 9.6 வோல்ட்டில் கழற்றிச் சார்ஜ் போட்டபோது உள்ளே போனது 4260.

இரண்டு மடங்கு உழைத்த அந்தச் செல்லை மட்டும் மாற்றவில்லை, சில ஓட்டங்கள்தான் பட்டிருந்தது. உறையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஈயம் வைத்த பேக் இப்போது காரில் போவதில்லை. நடு ஜோடியைக் கழித்துவிட்டேன், மிச்சம் நான்கு செல்லைத் தனித்தனியாக 3.8 வோல்ட்டில் வைத்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அளக்கிறேன். போன சனிக்கிழமை மூன்று செல் அசையவில்லை, நான்காவது 3.77.